மெல்லப் பேசுங்களேன்

இராமேசுவரத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டிகளுள் பல, மானாமதுரை, சிவகங்கை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியே திருச்சிராப்பள்ளியை அடைகின்றன. அவற்றுள் சில சென்னையோடு நின்றுவிடுவதில்லை. வாரம் ஒருமுறை காசிக்கும் புவனேசுவரத்திற்கும் செல்லும் வண்டிகளும் இவ்வழியே போகின்றன. ஆதலால், காரைக்குடிச் சந்திப்பில் ஏறும் ஒருவர் தமக்கு முன்பே இராமேசுவரத்தில் ஏறி அமர்ந்திருக்கும் வடநாட்டுத் திருப்பயணியரோடு ஒரே பெட்டியில் பயணம் செய்ய நேர்வது வழக்கமான ஒன்றாகும். அவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருப்பர். நெடுநாள் திட்டமிட்ட பயணம் நிறைவேறிய மகிழ்ச்சியில் இருப்பர். இரவு நெடுநேரம் உரத்த குரலில் உரையாடிக்கொண்டிருப்பர். காரைக்குடியில் ஏறியவருக்கோ உறக்கம் வேண்டும். இடையில் நிற்பது மொழி.

இவ்விடத்தில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒன்று, வாய் திறவாமல் இரவெல்லாம் புரண்டு படுப்பது. மற்றொன்று, பொறுமையிழந்து தமிழிலேயே கடிந்து பேசுவது. பின்னதில் சொல்லின் பொருள் கேட்பவருக்கு விளங்காது. சினம் மட்டும் தெளிவாக விளங்கிவிடும். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றுண்டு. பிறமொழியில் ஒரே ஒரு வேண்டுகோளை அம்மொழியார் விடுக்கும் முறையில் விடுப்பதே அவ்வழி. இதற்கு அம்மொழி முழுவதையும் கற்க வேண்டியதில்லை. ஆனால், அகராதியைக் கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதும் என்று எண்ணினால் இடறல் நேரும். எங்கே இடறுகிறது, ஏன் இடறுகிறது என்பதை இந்தி மொழியை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

மெதுவும் தயவும்

'கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்' என்பது தமிழர் இயல்பாகச் சொல்லும் தொடர். இதில் வரும் 'மெதுவாக' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உள்ளன. 'மெதுவாக நட' என்றால் விரைவைக் குறை என்பது பொருள். 'மெதுவாகப் பேசு' என்றால் பெரும்பாலும் ஒலியைக் குறை என்பது பொருள். 'மெல்ல' என்னும் சொல்லும் இவ்வாறே இரு பொருளிலும் வழங்குகிறது. தமிழர் இவ்விரு பொருளையும் இடம் நோக்கிப் பிரித்தறிகின்றனர். ஒரே சொல்லில் இரண்டு பொருள் அடங்கியிருப்பது பேசுபவரின் நினைவுக்கே வருவதில்லை.

ஆங்கிலத்தில் பேச முற்படும்போது இந்த இரட்டைப் பொருள் இடர் தருகிறது. 'ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி' என்று ஒருவர் வேண்டுகிறார். ஆங்கிலத்தில் 'ஸ்லோலி' என்பது விரைவை மட்டுமே குறிக்கும், ஒலியளவைக் குறிக்காது. கேட்பவர், 'நான் பேசுவது இவருக்கு விளங்கவில்லை போலும்' என்று எண்ணிக்கொள்கிறார். விளைவாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, முன்னினும் உரக்கப் பேசத் தொடங்குகிறார். வேண்டியதற்கு நேர்மாறான பயன் கிட்டுகிறது. இங்கு வர வேண்டிய சொல் 'ஸாஃப்ட்லி' என்பதாகும்.

இந்தியில் இத்தகைய இடர் இல்லை. அங்கு 'தீரே' என்னும் சொல், தமிழின் 'மெதுவாக' போலவே விரைவுக்குறைவையும் ஒலிக்குறைவையும் ஒருங்கே உணர்த்துகிறது. தெலுங்கின் 'மெல்லகா', மலையாளத்தின் 'பதுக்கெ', வங்காளியின் 'ஆஸ்தே' ஆகியவையும் அத்தகையனவே. குடும்பத்தால் வேறுபட்ட மொழிகள் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்தமையால் இத்தகைய ஒப்புமைகள் பல அவற்றில் காணப்படுகின்றன. ஆகவே, வடநாட்டுப் பயணியிடம் பேசும்போது தமிழ் மாணவர் ஆங்கிலத்தின் துணையை நாடுவதைவிட 'தீரே' என்ற ஒரு சொல்லை நாடுவது பிழை நேராத வழி.

செட்டிநாட்டவர் இச்சொற்சிக்கலைப் புதிதாகச் சந்திப்பவர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். அங்கெல்லாம் அந்தந்த நாட்டாரோடு அவரவர் மொழியில் பேச வேண்டியிருந்தது. மலாய் மொழியில் 'பெர்லஹான்' என்பது தமிழ் 'மெதுவாக' போன்றே இரு பொருளும் தரும். பர்மிய மொழியிலோ இரண்டும் தனித்தனிச் சொற்கள்: விரைவைக் குறைத்தற்கு 'ப்யே ப்யே'; ஒலியைக் குறைத்தற்குத் 'தோ தோ'. பினாங்கில் தமிழ்ப் பழக்கத்தைக் கொண்டே பேசிப் பிழைக்கலாம்; இரங்கூனில் அது செல்லாது. ஒரு மொழியில் சரியாக அமைந்த ஒன்று அடுத்த மொழியிலும் அமையும் என்பதற்கு உறுதி இல்லை.

அகராதி வழுக்கும் இரண்டாவது இடம் 'தயவுசெய்து' என்னும் சொல். பணிவைக் காட்ட வேண்டுமென்று விரும்புபவர் இதற்கு நேரான இந்திச் சொல்லைத் தேடி, 'க்ருபயா' என்பதைக் கண்டெடுப்பார். 'க்ருபயா' தவறான சொல் அன்று; ஆனால், அது அறிவிப்புப் பலகைக்கும் ஒலிபெருக்கிக்கும் உரியது. தொடர்வண்டி நிலையத்தில் 'பயணிகள் கவனத்திற்கு' என்ற தமிழ் அறிவிப்பைத் தொடர்ந்து வரும் இந்தி அறிவிப்பு 'க்ருபயா' என்ற சொல்லோடுதான் ஒலிக்கிறது. எதிர் இருக்கையில் இருப்பவரிடம் அச்சொல்லைக் கூறினால், மனிதர் மனிதரிடம் பேசுவதாக அன்றி, அலுவலகம் ஆணையிடுவதாகத் தோன்றும்.

தமிழரும் தம் வீட்டில் 'தயவுசெய்து தண்ணீர் கொடுங்கள்' என்று சொல்வதில்லை. சொன்னால் அதில் சினமோ எள்ளலோ இருப்பதாகவே கேட்பவர் கருதுவார். பணிவு வேறிடத்தில் இருக்கிறது. 'கொடுங்கள்' என்பதில் உள்ள 'ங்கள்' என்னும் விகுதியிலும், 'கொஞ்சம்' என்னும் சிறு சொல்லிலும், 'அண்ணே', 'ஆச்சி' என்னும் விளியிலும், குரலின் தணிவிலும் அது பரவியிருக்கிறது. இந்தியிலும் பணிவு இவ்வுறுப்புகளில்தான் அமைந்துள்ளது. எனவே, 'தயவுசெய்து' என்னும் ஒரு சொல்லை மொழிபெயர்க்கும் முயற்சியைக் கைவிட்டு, அவ்வுறுப்புகளை ஒவ்வொன்றாக அறிவது பயன் தரும்.

ஏவலும் ஏவல் வினாவும்

இரத்தல் என்னும் செயலில் கேட்பவர், கொடுப்பவர் ஆகியோரின் நிலை சொல்லில் வெளிப்படும் என்பதைத் தமிழ் இலக்கணம் மிகத் தொன்மையிலேயே கண்டறிந்தது. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒரே பொருளைத் தருவன. எனினும், தாழ்ந்த நிலையில் உள்ளவர் உயர்ந்தவரிடம் இரக்கும்போது 'ஈ' என்றும், ஒத்த நிலையினர் 'தா' என்றும், உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்கும்போது 'கொடு' என்றும் கூறுவது மரபு எனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. இன்றைய வழக்கில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. வினைமுற்றின் விகுதி அப்பணியை ஏற்றுக்கொண்டுள்ளது.

இந்தியில் முன்னிலைப் பெயர்கள் மூன்று: 'தூ', 'தும்', 'ஆப்'. தமிழில் நீ, நீங்கள் என இரண்டு. 'தும்' என்பது நண்பரிடமும் இளையோரிடமும் வழங்குவது. அறிமுகமில்லாதவரிடம் 'ஆப்' என்பதே உரியது. இப்பெயர்களுக்கேற்ப ஏவல் வினையும் மாறுகிறது. பேசுதலைக் குறிக்கும் வினை 'போல்' என்பது. 'தூ'வுக்கு 'போல்', 'தும்'முக்கு 'போலோ', 'ஆப்'புக்கு 'போலியே'. இவற்றுக்கும் மேலாக 'போலியேகா' என ஒரு வடிவம் உண்டு. இது எதிர்காலச் சாயலுடையது. 'இப்போதே செய்' என்னும் நெருக்கடி இதில் இல்லை. 'இனி அவ்வாறு பேசுவீராக' என்னும் தணிந்த வேண்டல் இதில் உள்ளது. திரைப்படங்கள் வழியாகத் தமிழர் காதில் மிகுதியும் விழுந்திருப்பது 'போலோ' என்னும் வடிவம். அதை அப்படியே பயன்படுத்தினால், அறிமுகமில்லாத முதியவரைத் தோளில் தட்டி அழைத்தது போன்ற நிலை உண்டாகும்.

தணிந்த வேண்டலுக்கு மற்றொரு வழி, ஏவலை வினாவாக மாற்றுவது. நன்னூல் கூறும் அறுவகை வினாக்களுள் ஒன்று ஏவல் வினா என்பதை மாணவர் அறிவர். அங்கு வினா என்பது வடிவம். ஏவல் என்பது உட்பொருள். 'கடைக்குச் செல்வாயா?' என்று தாய் மகனிடம் கேட்கும்போது அவர் விடையை எதிர்பார்ப்பதில்லை, செயலை எதிர்பார்க்கிறார். ஆயினும், வினாவின் வடிவம் கேட்பவருக்கு மறுக்கும் உரிமையை, பெயரளவிலேனும், விட்டுவைக்கிறது. இந்தியில் 'தீரே போலேங்கே?' என்பது 'மெதுவாகப் பேசுவீர்களா?' என்பதற்கு நிகரான ஏவல் வினா. வங்காளியில் இது இன்னும் இயல்பான வழக்கு: 'ஏக்டு ஆஸ்தே கொதா போல்பேன்?' என்று எதிர்கால வினாவாகவே கேட்பர். 'ஏக்டு' என்பது 'கொஞ்சம்'.

இவ்விடத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இந்தி வினை, எழுவாயின் பாலுக்கேற்ப மாறும். 'போலேங்கே' என்பது ஆடவரை நோக்கியது. பெண்டிரை நோக்கினால் 'போலேங்கீ' எனல் வேண்டும். முன்பு கண்ட 'போலியேகா' இருபாலாருக்கும் பொது. ஒரே தொடரை மட்டும் கற்றுக்கொள்ள விரும்புபவர் அதனையே தேர்வது நன்று.

'கொஞ்சம்' என்பதற்கு இந்தியில் 'ஜரா', 'தோடா' என இரு சொற்கள் உள்ளன. இவை அளவைக் குறிக்க வருவன அல்ல. தமிழில் 'கொஞ்சம் இங்கே வாருங்கள்' என்றால் சிறிது தொலைவு வாருங்கள் என்று பொருளன்று. வேண்டுகோளின் சுமையைக் குறைத்துக் காட்டுவதே அச்சொல்லின் பணி. 'ஜரா'வும் அவ்வாறே. ஆனால், 'ஜரா'வை அழுத்தி, நீட்டி, உரத்து ஒலித்தால் எள்ளலாகிவிடும். அதைத் தணிவாக ஒலிக்க வேண்டும்.

பணிவு பற்றிய ஆய்வுகளில் தமிழுக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்னும் இரு மொழியியலாளர்கள் பணிவு மொழியைக் குறித்து 1978-ஆம் ஆண்டு ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டனர். அது 1987-இல் தனி நூலாக வந்தது. அவர்கள் ஒப்பிட்ட மொழிகள் மூன்று. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று மெக்சிகோ நாட்டில் பேசப்படும் செல்தால் என்னும் மாயன் மொழி, மூன்றாவது தமிழ். தமிழுக்கான தரவுகள் கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் திரட்டப்பட்டன.

அவர்களது கொள்கையின் மையச் சொல் 'முகம்' என்பது. ஒவ்வொருவருக்கும் பிறர் முன் பேணிக்கொள்ள விரும்பும் ஒரு முகம் உண்டு. தம்மை மதிக்க வேண்டும் என்ற விருப்பம் அதன் ஒரு பாதி. தம்மைத் தடுக்கக் கூடாது என்ற விருப்பம் மறுபாதி. 'குரலைத் தாழ்த்துங்கள்' என்னும் வேண்டுகோள் இவ்விரண்டையுமே தாக்குகிறது: அவர் செய்துகொண்டிருப்பதைத் தடுக்கிறது, அவர் செய்தது முறையன்று என்றும் குறிப்பாகச் சொல்கிறது. தண்ணீர் கேட்பதைவிட இவ்வேண்டுகோள் கடினமானதாக இருப்பதற்குக் காரணம் இதுவே. 'முகத்தில் அடித்தாற்போல', 'முகம் முறிய' என்றெல்லாம் தமிழர் காலங்காலமாகச் சொல்லிவரும் வழக்குகள் இக்கொள்கையை மாணவருக்கு எளிதில் விளக்கும். தாக்கத்தைத் தணிக்க உலக மொழிகள் கையாளும் வழிகள் ஏறத்தாழப் பொதுவானவை. வினாவாகக் கேட்டல், வேண்டுகோளைச் சிறிதாக்கிக் காட்டல், உறவு கூறி விளித்தல், காரணம் சொல்லுதல் என்பன அவற்றுள் சில. எந்த வழியை எந்த மொழி எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஒலிக்கும் முறை

மேலே தமிழ் எழுத்தில் தரப்பட்ட இந்திச் சொற்களை எழுதியவாறே ஒலித்தால் பொருள் விளங்காமற் போகலாம். தமிழில் வல்லின எழுத்துகள் இடத்திற்கேற்ப ஒலி மாறும். 'பந்து' என்பதில் 'ந்' என்னும் மெல்லினத்தை அடுத்துவரும் 'து', 'துணி' என்பதில் வரும் 'து'விலிருந்து வேறுபட்டு மென்மையாக ஒலிக்கிறது. 'அம்பு' என்பதில் வரும் 'பு'வும், 'சங்கு' என்பதில் வரும் 'கு'வும் அவ்வாறே. தமிழில் இவ்வொலிகள் சொல்லின் முதலில் வருவதில்லை, இந்தியில் வரும்.

'தீரே' என்பதன் முதலெழுத்தைப் 'பந்து' என்பதில் உள்ள தகர ஒலியோடு, சற்று மூச்சுக் காற்றும் வெளிப்படுமாறு ஒலிக்க வேண்டும். 'போலியேகா' என்பதன் முதலெழுத்து 'அம்பு' என்பதன் பகர ஒலி. இறுதியில் உள்ள 'கா', 'சங்கு' என்பதன் ககர ஒலி. 'அந்தீரே' என்று சொல்லிப் பார்த்து, முதலில் உள்ள 'அந்' என்பதை நீக்கினால் நாவுக்கு இடம் பிடிபடும். இச்சிறு பயிற்சியைப் பயணத்திற்கு முன்பே செய்துகொள்வது நல்லது.

பெட்டியில் ஓர் இரவு

ஒரு சூழலை எடுத்துக்கொண்டு இதுவரை கண்டவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு மாணவி தம் அப்பத்தாவோடு இரவு வண்டியில் ஏறுகிறார். கீழ்ப்படுக்கையில் அப்பத்தா கண்ணயர்கிறார். எதிர்வரிசையில் ஆறேழு பேர் அடங்கிய குடும்பம் ஒன்று உரையாடிக்கொண்டிருக்கிறது. நேரம் 10 மணியைக் கடந்துவிட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உறங்கும் நேரம் என்பது தொடர்வண்டித் துறையின் விதி. அந்நேரத்தில் உரக்கப் பேசுவதும், செவிபேசி அணியாமல் பாட்டுக் கேட்பதும் கூடா. விதி மாணவியின் பக்கம் இருக்கிறது. என்றாலும், முதற்சொல்லாக விதியை எடுப்பது அறிவுடைமை ஆகாது. எதிரே இருப்பவர் உடனே வழக்காடத் தொடங்குவார்.

அவர் முதலில் செய்ய வேண்டியது கேட்பது. எதிரில் இருப்போர் பேசுவது இந்திதானா? சொல்லிறுதியில் 'அண்டி' என்பது அடிக்கடி வந்தால் அது தெலுங்கு. அப்போது 'கொஞ்செம் மெல்லகா மாட்லாடண்டி' என்பது பொருந்தும். 'ஹை', 'ஹைம்' என்று தொடர்கள் முடிந்தால் இந்தி எனக் கொள்ளலாம். வடக்கிலிருந்து வருவோர் அனைவரும் இந்தி பேசுவோர் என்று எண்ணுவது, தெற்கில் உள்ளோர் அனைவரும் ஒரே மொழி பேசுவோர் என்று பிறர் எண்ணுவதற்கு ஒப்பான பிழை.

அடுத்தது, யாரிடம் சொல்வது என்பது. குழுவை நோக்கிப் பொதுவாகச் சொன்னால் எவரும் தமக்கென்று கொள்ளார். அன்றி, அனைவரும் ஒருசேரப் புண்படுவர். அவர்களுள் மூத்தவர் ஒருவரிடம், அருகில் சென்று, கண்ணைப் பார்த்து, ஒரு நொடி காத்திருந்து சொல்வது முறை. மேற்படுக்கையில் இருந்தபடி கீழ்நோக்கிக் குரல் கொடுத்தல் கூடாது. கேட்பவரின் குரல் தணிந்திருத்தல் வேண்டும். தணிந்த குரலுக்குத் தணிந்த குரலில் மறுமொழி கூறுவது மனித இயல்பு.

விளிச்சொல்லில் சற்றுக் கவனம் வேண்டும். நடுவயது ஆடவரை 'பாயீ சாஹப்' எனலாம். முதிய பெண்மணியை 'மாதாஜீ' எனலாம். 'பையா' என்பது 'அண்ணா' என்பதற்கு நிகர், இளைஞரிடம் பொருந்தும். இளம்பெண்ணை 'ஆன்டி' என்று அழைத்தால், சொல்ல வந்த செய்தி காதில் ஏறாது. 'தீதீ', அதாவது அக்கா, என்பதே பொருந்தும். இவ்வகையில் செட்டிநாட்டு மாணவருக்கு அயன்மை ஏதுமில்லை. அறிமுகமற்ற பெரியவரையும் 'அண்ணே', 'ஆச்சி' என்று அழைத்துப் பழகியவர்கள் அவர்கள்.

இனி, மாணவி சொல்ல வேண்டிய தொடர்: 'பாயீ சாஹப், ஜரா தீரே போலியேகா. தாதீ ஸோ ரஹீ ஹைம்.' 'அண்ணா, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்களேன். அப்பத்தா தூங்குகிறார்' என்பது இதன் பொருள். தந்தையின் தாய் 'தாதீ'. தாயின் தாய் 'நானீ'. செட்டிநாட்டில் அப்பத்தா, ஆயா என்று பிரித்து வழங்குவதைப் போன்றதே இது. 'ஹைம்' என்பது பன்மை முற்று. ஒருவரே ஆயினும் மூத்தவராதலின் பன்மை வந்தது. தமிழில் 'தூங்குகிறார்' என்று பலர்பால் முற்று வந்து உயர்வு காட்டுவது போல. தம் பாட்டியை மதித்துப் பேசும் பெண் தம்மையும் மதிப்பார் என்ற எண்ணம் எதிரில் இருப்பவருக்கு அந்த ஓர் எழுத்தாலேயே உண்டாகிவிடும்.

இரண்டாம் தொடர் காரணம் கூறுகிறது. இக்காரணம் எதிரிலிருப்பவரின் குற்றத்தைச் சுட்டவில்லை என்பதைக் காண்க. 'நீங்கள் மிகவும் உரக்கப் பேசுகிறீர்கள்' என்று சொல்லியிருந்தால் பேச்சு அவரைப் பற்றியதாகியிருக்கும். 'அப்பத்தா தூங்குகிறார்' என்றமையால் அது அப்பத்தாவைப் பற்றியதாயிற்று. அவர் விட்டுக்கொடுத்தாலும் தோற்றவராக மாட்டார். முதியவர் ஒருவருக்கு உதவியவர் ஆவார்.

பலர் செய்யும் பிழை ஒன்றையும் இங்கே சுட்ட வேண்டும். 'சுப் ரஹியே' என்பது பலருக்கும் தெரிந்த தொடர். அதில் மரியாதை விகுதி இருப்பதால் பணிவானது என்று கருதிவிடக் கூடாது. 'வாய்மூடியிருங்கள்' என்று 'ங்கள்' சேர்த்துச் சொன்னாலும் அது வசையே. பேச்சை நிறுத்தச் சொல்வதும், தாழ்த்தச் சொல்வதும் வெவ்வேறு. பின்னதையே கேட்க வேண்டும்.

ஒலி எழுப்புவது மனிதக் குரலாக இல்லாமல் கைப்பேசியாக இருந்தால் தொடர் மாறும்: 'ஆவாஸ் தோடீ கம் கர் தீஜியே', ஒலியைச் சற்றுக் குறைத்துவிடுங்கள் என்பது பொருள். இங்கே 'தீஜியே' என்பது கொடுத்தலைக் குறிக்கும் வினை, துணைவினையாக வந்தது. 'எழுதிக் கொடுங்கள்' என்றால் பிறர் பொருட்டு. 'எழுதிக்கொள்ளுங்கள்' என்றால் தம் பொருட்டு. தமிழில் உள்ள இவ்வேறுபாடு இந்தியிலும் உண்டு. 'தீஜியே' என்று கேட்கும்போது, 'எனக்காகச் செய்யுங்கள்' என்னும் குறிப்பு தானே அமைகிறது.

பெரும்பாலும் மறுமொழியாக 'ஹாம் ஹாம்' என்றோ, ஒரு தலையசைப்போ கிடைக்கும். குரல் தாழும். மாணவி 'தேங்க் யூ' என்று சொல்லித் திரும்பலாம். 'தன்யவாத்' என்னும் சொல் உண்டாயினும் அது மேடைக்குரியது. இந்தி பேசுவோரும் அன்றாட வழக்கில் 'தேங்க் யூ' என்றே சொல்கின்றனர்.

சற்று நேரத்தில் குரல்கள் மீண்டும் உயரக்கூடும். இதனை உடனே அவமதிப்பாகக் கொள்ளலாகாது. சுற்றுப்புற இரைச்சல் மிகும்போது மனிதர் தம்மையறியாமலே குரலை உயர்த்துகின்றனர். எத்தியென் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைக் கண்டறிந்தமையால் இதற்கு லொம்பார் விளைவு என்று பெயர். வண்டி பாலத்தைக் கடக்கும்போது உயர்ந்த குரல், கடந்த பின்னும் தானாக இறங்குவதில்லை. இரண்டாம் முறை முழுத்தொடரும் வேண்டியதில்லை. அதே மனிதரைப் பார்த்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்லத் தாழ்த்திக் காட்டி, 'ஜரா' என்ற ஒரு சொல்லோடு நிறுத்துவது போதும். உதட்டின்மேல் விரல் வைத்துக் காட்டுவது வகுப்பறைச் செய்கை. பெரியவர்களிடம் அது கூடாது.

அதற்கும் பயனில்லையெனில், அதன்பின் வேண்டுகோளுக்கு வேலையில்லை. பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் கூறலாம். அல்லது 139 என்னும் உதவி எண்ணை அழைக்கலாம். முதலிரு வேண்டுகோள்களும் பணிவாக இருந்திருந்தால், முறையீடு செய்யும்போது உடனிருக்கும் பயணியர் சான்றாக நிற்பர்.

அண்டை வீட்டார்

பயணி ஒரே இரவுக்கு உரியவர். அண்டை வீட்டார் அவ்வாறல்லர். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் திறக்கப்பட்ட காலந்தொட்டுப் பிற மாநிலத்தார் இங்குக் குடியிருந்து வருகின்றனர். அண்மைக் காலத்தில் கட்டடப் பணிக்கு வந்த பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர் பலர், நகரின் சிறு வீடுகளில் ஐந்தாறு பேராகத் தங்கியுள்ளனர். நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு, இரவில்தான் அவர்களுக்கு ஊரோடு பேச நேரம் கிடைக்கிறது. தொலைவில் உள்ள மனைவி மக்களோடு கைப்பேசியில் பேசும் குரல், முற்றமும் திறந்த வளவும் உள்ள பழைய வீடுகளில் தடையின்றிப் பரவும்.

இங்கே முதல் வேறுபாடு நேரம். தொடர்வண்டியில் அப்போதே கேட்பதன்றி வேறு வழியில்லை. அண்டை வீட்டில், இரவு 11 மணிக்குக் கதவைத் தட்டுவதைவிட, மறுநாள் மாலை அவர்கள் வேலை முடிந்து வந்து கைகால் கழுவியபின் பேசுவது ஏற்றது. இரவின் சினமும் அதற்குள் ஆறியிருக்கும். இரண்டாவது வேறுபாடு, எதைக் கேட்பது என்பது. 'மெதுவாகப் பேசுங்கள்' என்ற பொதுவான வேண்டுகோள் நாள்தோறும் கடைப்பிடிக்க இயலாதது; எந்த அளவு மெதுவானது என்பதை எவரும் அளக்க இயலாது. '10 மணிக்குமேல் முற்றத்தில் நில்லாமல் உள்ளறையில் பேசுங்கள்' என்பது இருவருக்கும் தெளிவானது: 'தஸ் பஜே கே பாத் அந்தர் பாத் கீஜியேகா.' 'தஸ்' என்பது பத்து. 'அந்தர்' என்பது உள்ளே. உடன் சொல்ல வேண்டிய காரணம்: 'ஸுபஹ் பரீக்ஷா ஹை', காலையில் தேர்வு இருக்கிறது.

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியளவு 45 டெசிபலை மிகக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் கூறுகின்றன. இவ்விதி ஒலிபெருக்கிக்கும் இயந்திரத்துக்கும் எதிராகப் பயன்படுமேயன்றி, மகளோடு பேசும் தந்தையின் குரலுக்கு எதிராக எடுக்கத் தக்கதன்று.

மறுமொழியாக அவர்கள் தமிழில் பேச முற்படுவதும் உண்டு. ஓரிரு ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவர் 'சரி அண்ணா, மெதுவா பேசுறோம்' என்று சொல்லக்கூடும். அவ்வாறாயின் இந்தியைத் தொடராமல் தமிழுக்கு வந்துவிட வேண்டும். கற்ற மொழியை அவர் பயன்படுத்த விரும்பும்போது அவ்வாய்ப்பை மறுப்பதும் முகத்தை முறிப்பதாகும்.